ஆண்டுப் பொதுக்கூட்ட இறுதியில் கூட்டத் தலைவருக்கு நன்றியுரை: இடையில் தேர்தலும் இருந்தால் யாருக்கு, எப்போது, யார் கூறுவது?

ஜெலுத்தோங் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் பதிவு பெற்ற ஒரு சமூகநலச் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9.00 மணிக்கு நடைபெறும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் செயலவைத் தேர்தலும் அன்றுதான். நன்றியுரை வழங்கும் பொறுப்பைச் செயலவை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது.

நிகழ்ச்சி நிரலின் வரிசை இது: தலைவர் உரை, சென்ற கூட்டக் குறிப்பு, ஆண்டறிக்கை, கணக்கறிக்கை, செயலவைத் தேர்தல், கணக்காய்வாளர் நியமனம், இதர விவகாரங்கள், நன்றியுரை. தேர்தல் ஐந்தாவதாக வருவதுதான் சிக்கல். நடப்புத் தலைவர் நீண்ட காலமாகப் பொறுப்பில் இருப்பவர். இம்முறை அவரை எதிர்த்து ஒருவர் போட்டியிடுகிறார். காலையில் அவர் கூட்டத்தை நடத்துவார். தேர்தலின்போது தேர்தல் அதிகாரி மேடைக்கு வருவார். அதன் பிறகு யார் நாற்காலியில் இருப்பார் என்பது இப்போது தெரியாது.

என் கேள்விகள் இவை. இறுதியில் நான் நன்றி கூற வேண்டியது யாருக்கு? அவர் தோற்றிருந்தால் எதைச் சொல்லி நன்றி கூறுவது? நன்றியுரை முதலில் வர வேண்டுமா, தலைவரின் நிறைவுரை முதலில் வர வேண்டுமா? கடந்த கூட்டங்களில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. கூட்டக் குறிப்பிலும் அது சீராக இல்லை.

செந்தூல் பெற்றோர்

வணக்கம் ஐயா. உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நினைவுக்கு வந்தது. அங்கே சிக்கல் நன்றியுரையில் வரவில்லை. தலைவரின் நிறைவுரையில் வந்தது. எல்லாம் முடிந்து, நன்றியுரையும் கூறி, மண்டபத்தின் பின்புறம் உணவுப் பொட்டலங்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது தலைவர் எழுந்து, கூட்டம் சிறப்பாக நடந்த மகிழ்ச்சியில், ஆறாம் ஆண்டு மாணவர்களின் கூடுதல் வகுப்புக்குச் சங்கம் 3,000 ரிங்கிட் வழங்கும் என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். குறிப்பு எடுத்தவரும் அதைத் தீர்மானம் என்றே எழுதிவிட்டார்.

அடுத்த மாதம் பொருளாளர் அந்தத் தொகையை வழங்க மறுத்தார். வரவு செலவுத் திட்டத்தில் அது இல்லை, யாரும் முன்மொழியவும் இல்லை என்பது அவர் வாதம். பெற்றோர்களோ, கூட்டத்தில் நாங்கள் கைதட்டி ஏற்றுக்கொண்டோமே என்றார்கள். இன்றுவரை அது மனத்தாங்கலாகவே இருக்கிறது. எனவே நிறைவுரையில் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்பதையும் இங்கே யாராவது விளக்க வேண்டும்.

கெப்போங் மேடைப் பேச்சாளர்

நன்றியுரை ஒரு கலை. முதலில் அவை மரியாதையைச் சரியாகச் செய்ய வேண்டும். டான்ஸ்ரீ இருந்தால் அவர் முதலில், பிறகு டத்தோஸ்ரீ, பிறகு டத்தோ, பிறகு மற்ற பிரமுகர்கள். திறப்புரை ஆற்றிய சட்டமன்ற உறுப்பினரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மண்டபம் தந்தவர்கள், உணவு ஏற்பாடு செய்தவர்கள், ஒலிபெருக்கி அமைத்தவர், அறிவிப்பாளர், பத்திரிகை நண்பர்கள் என ஒருவர் பெயரும் விடுபடக்கூடாது. தொடக்கத்தில் நான்கு வரிக் கவிதையும் இறுதியில் ஒரு மேற்கோளும் இருந்தால் அவை நெகிழும். நான் அனுப்பும் மாதிரி சுமார் பன்னிரண்டு நிமிடம் வரும். தேவையெனில் பகிர்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மூத்தவர்

மேலே நண்பர் கூறியிருப்பது விருந்து நிகழ்ச்சிக்கு அல்லது விழாவுக்கு உரிய நன்றியுரை. அதற்கு அந்த முறை பொருந்தும். செயலாளர் கேட்பது வேறு. ஆண்டுப் பொதுக்கூட்டம் தீர்மானம் எடுக்கும் அவை. அதன் இறுதியில் அவை தன்னை நடத்திய கூட்டத் தலைவருக்குக் கூறும் நன்றி அது. ஏற்பாட்டாளர்களுக்கும் விருந்தினர்களுக்கும் கூறும் நன்றியோடு அதைச் சேர்த்துவிடுவதால்தான் எங்கள் சங்கங்களில் குழப்பம் வருகிறது. முப்பது பெயர்களுக்கு நடுவில் தலைவரின் பெயரும் ஒன்றாகப் போய்விடும். உறுப்பினர்களில் பாதிப் பேர் அதற்குள் எழுந்து போயிருப்பார்கள்.

திறப்புரை ஆற்ற வந்த பிரமுகர் பெரும்பாலும் தேநீர் இடைவேளைக்கு முன்பே விடைபெறுவார். அவருக்கான நன்றியை அவர் புறப்படும் முன்பே, அவர் முன்னிலையில் கூறிவிடுங்கள். மண்டபம், உணவு, ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கான நன்றியைச் செயலாளர் அறிவிப்புகளோடு சேர்த்து இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடலாம். இறுதியில் எஞ்ச வேண்டியது கூட்டத் தலைவருக்கான நன்றி மட்டும்.

இனி வரிசைக்கு வருகிறேன். நாற்பது ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் சங்கங்கள், கூட்டுறவுக் கழகங்கள், ஆலய நிர்வாகங்கள் ஆகியவற்றின் பொதுக்கூட்டங்களில் அமர்ந்திருக்கிறேன். கடைசிக் கால் மணி நேரம் சரியாக நடந்த கூட்டங்களில் நான் கண்ட வரிசை இதுதான்: இதர விவகாரங்கள் முடிந்ததும், வேறு யாருக்கும் பேச எதுவும் உண்டா என்று தலைவர் அவையைக் கேட்பார். இல்லை என்றால், அவையிலிருந்து ஒருவர் எழுந்து தலைவருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தை முன்மொழிவார். இன்னொருவர் ஒரே வாக்கியத்தில் வழிமொழிவார். அதைத் தலைவரே வாக்கெடுப்புக்கு விடுவதில்லை. தமக்குரிய பாராட்டைத் தாமே அவையிடம் கேட்பது முறையன்று. துணைத் தலைவரோ முன்மொழிந்தவரோ அவையின் ஒப்புதலைக் கேட்க, அவை கரவொலியால் ஏற்கும். அதற்குப் பிறகே தலைவர் எழுந்து சுருக்கமாக ஏற்புரையும் நிறைவுரையும் கூறி, கூட்டம் இத்தனை மணிக்கு நிறைவுற்றது என்று அறிவிப்பார். அந்த அறிவிப்புதான் கூட்டத்தின் கடைசி வாக்கியம்.

இதில் முக்கியமானது, நன்றி கூறப்படும்போது கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பது. தலைவர் முதலில் நிறைவுரை ஆற்றிக் கூட்டத்தை முடித்துவிட்டால், அதன் பிறகு வரும் நன்றியுரை அவையின் நன்றியாகாது. கலைந்து செல்லும் மக்களிடம் ஒரு தனி மனிதர் பேசும் பேச்சாகிவிடும்.

கம்பெனி செயலக ஊழியர்

நான் கோலாலம்பூரில் நிறுவனச் செயலகப் பணி செய்யும் அலுவலகத்தில் இருக்கிறேன். நாங்கள் தயாரிக்கும் கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றிலும் கடைசி வரி, பேசுவதற்கு வேறு விவகாரம் இல்லாததால் தலைவருக்கு நன்றி தெரிவித்துக் கூட்டம் இத்தனை மணிக்கு நிறைவுற்றது என்றே இருக்கும். ஆகவே நன்றித் தீர்மானம் இல்லாமல் கூட்டம் சட்டப்படி முடியாது என்பது என் புரிதல். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள் இல்லாவிட்டால் குறிப்பே செல்லாது என்று எங்கள் மேலாளரும் கூறுவார்.

இன்னொன்று. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களில் 2016 ஜூலை 1 முதல் பொதுக்கூட்ட அறிவிப்பில் உள்ள தீர்மானங்கள் எல்லாவற்றுக்கும் வாக்குச்சீட்டு அல்லது மின்வழி வாக்கெடுப்பு கட்டாயம். எண்ணிக்கை முடியும் வரை அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தை வீணாக்காமல் நன்றியுரையை அப்போதே முடித்துவிடலாம் அல்லவா? செயலாளரும் வாக்கு எண்ணும் நேரத்தில் நன்றியுரையை வைத்துக்கொண்டால் சிக்கலே இராது. யார் வென்றார் என்று தெரியாததால் சங்கடமும் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் மூத்தவர்

தம்பி, கடைசி வரி பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அது நீண்ட கால வழக்கம். ஆனால் கூட்டத்தை முடிப்பது நன்றி அல்ல. வேலைகள் முடிந்தபின் தலைவர் செய்யும் அறிவிப்பு. நன்றி கூற மறந்துவிட்டார்கள் என்பதற்காக அன்று எடுத்த தீர்மானங்கள் எதுவும் செல்லாமல் போவதில்லை. முன்மொழிந்தவர் பெயரைக் குறிப்பில் எழுதுவது நல்ல பழக்கம். எழுதாவிட்டால் குறிப்பு செல்லாது என்று சங்கச் சட்டம் 1966 எங்கும் கூறவில்லை. நான் கவலைப்படுவது இதற்கு நேர்மாறானது. யாரும் எழுந்து ஒரு சொல் பேசாத கூட்டத்துக்கும் அந்த வரியைத் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். நடக்காததைக் குறிப்பில் எழுதக்கூடாது.

வாக்கு எண்ணும் நேரத்தில் நன்றியுரை கூறும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். தேர்தல் முடிவை அறிவிப்பது கூட்டத்தின் வேலைகளில் ஒன்று. அதற்கு முன்பே நன்றி கூறிவிட்டால், கூட்டம் முடிந்துவிட்டது என்று எண்ணி உறுப்பினர்கள் புறப்படுவார்கள். பிறகு மறு எண்ணிக்கை கோரப்பட்டால், வாக்குச்சீட்டுகளை அழிப்பதா பாதுகாப்பதா என்று தீர்மானிக்க வேண்டி வந்தால், கணக்காய்வாளரை நியமிக்க வேண்டியிருந்தால், அவையில் எத்தனை பேர் இருப்பார்கள்? வாக்குச்சீட்டைப் பற்றிய தீர்மானத்தை முடிவு அறிவித்தவுடனேயே எடுத்துவிடுவது நல்லது. கூட்டம் முடிந்த பிறகு அதைத் தீர்மானிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. செயலாளர் மேசையில் ஒரு பெட்டி கிடக்கும், அதைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு எழும்.

செந்தூல் அன்பருக்கு: பெற்றோர் ஆசிரியர் சங்கம் சங்கப் பதிவிலாகாவின் கீழ் வருவதில்லை, கல்விச் சட்டத்தின் கீழான 1998 விதிமுறைகளின்படி இயங்குகிறது. ஆனால் உங்கள் சிக்கலுக்கு இரண்டிலும் விடை ஒன்றே. நிறைவுரையில் தலைவர் கூறிய தொகை தீர்மானம் அன்று. அது நிகழ்ச்சி நிரலில் இல்லை, முன்மொழியப்படவில்லை, எதிர்ப்பைத் தெரிவிக்க யாருக்கும் வாய்ப்புத் தரப்படவில்லை. கைதட்டல் மகிழ்ச்சியைக் காட்டியது, அவ்வளவே. குறிப்பில், கூடுதல் வகுப்புக்கு உதவ வேண்டும் என்ற விருப்பத்தைத் தலைவர் தெரிவித்தார் என்று எழுதி, அதைச் செயற்குழுவின் அடுத்த கூட்டத்தில் முறையாக வைத்திருக்கலாம். உங்கள் பொருளாளர் செய்தது சரியே.

செந்தூல் பெற்றோர்

விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஆனால் அந்தக் குறிப்பு அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் உறுதிப்படுத்தப்பட்டுவிட்டதே. உறுதிப்படுத்தியதால் அது தீர்மானம் ஆகிவிடாதா?

பிரிக்ஃபீல்ட்ஸ் மூத்தவர்

குறிப்பை உறுதிப்படுத்துவது என்பது, அன்று நடந்ததை இது சரியாகப் பதிவு செய்கிறது என்று ஒப்புக்கொள்வது. நடக்காத தீர்மானத்தை அது உருவாக்காது. இருந்தாலும், எழுத்தில் தீர்மானம் என்று இருக்கும்போது அது தீர்மானமன்று என்று மெய்ப்பிக்கும் சுமை உங்கள் மேல் விழுந்துவிடும். அதனால்தான் குறிப்பு எடுப்பவர் கடைசி ஐந்து நிமிடத்தில் பேனாவை மூடிவைக்கக்கூடாது என்கிறேன்.

பட்டர்வொர்த் உறுப்பினர்

நன்றியுரையைத் தவறாகப் பயன்படுத்திய ஒரு கூட்டத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். இதர விவகாரங்களில், கட்டட நிதி பற்றிக் கேள்வி எழுப்ப ஒரு வாரத்துக்கு முன்பே நாங்கள் எழுத்து மூலம் கொடுத்திருந்தோம். அந்த அங்கம் வந்ததும் துணைச் செயலாளர் எழுந்து, நேரமாகிவிட்டது என்று கூறி, நேராக நன்றியுரையை வாசிக்கத் தொடங்கினார். வாசித்து முடித்ததும் தலைவர் கூட்டம் நிறைவுற்றது என்று கூறிவிட்டு இறங்கிப் போனார். நாங்கள் இருபது முப்பது பேர் அப்படியே நின்றோம். நன்றியுரை கூறியாகிவிட்டதே, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அது சரியா?

பிரிக்ஃபீல்ட்ஸ் மூத்தவர்

சரியன்று. கூட்டத்தின் வேலை முடியும் முன்பே தலைவர் தம் விருப்பப்படி கூட்டத்தைக் கலைக்க முடியாது என்பது 1894 முதல் நிலைபெற்ற கோட்பாடு. இங்கிலாந்தில் நேஷனல் டுவெல்லிங்ஸ் சொசைட்டி எதிர் சைக்ஸ் என்ற வழக்கில், தலைவர் அப்படி எழுந்து போனால் அவை வேறொருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துத் தொடரலாம் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. கூட்ட நடைமுறை பற்றிப் பேசும்போது நம் நாட்டு வழக்கறிஞர்களும் அதை மேற்கோள் காட்டுவார்கள். நீங்கள் அன்று செய்திருக்க வேண்டியது, நன்றியுரை தொடங்கும்போதே ஒருவர் எழுந்து, நிரலில் உள்ள அங்கம் ஒன்று எஞ்சியிருக்கிறது என்று ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவது. நன்றியுரையின் நடுவே குறுக்கிடுவது பண்பன்று என்று நம்மவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைச் சிலர் அறிந்தே பயன்படுத்துகிறார்கள்.

பாயான் லெப்பாஸ் வழக்கறிஞர்

ஐயா கூறிய வழக்கு சரியானது. ஆனால் ஓர் எச்சரிக்கை. எஞ்சியவர்கள் தொடர்ந்து நடத்தும் கூட்டத்தில் கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, இருக்க வேண்டும் என்ற கேள்வி உடனே வரும். நம் சங்கங்கள் பலவற்றின் விதிகளில், வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் பாதிப் பேர் அல்லது செயலவை எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு, இரண்டில் எது குறைவோ அது என்று இருக்கும். செயலவையில் பதினைந்து பேர் என்றால் முப்பது பேர் தேவை. பட்டர்வொர்த் அன்பர் இருபது முப்பது என்கிறார். தலை எண்ணிப் பதிவு செய்யாமல் தொடர்ந்திருந்தால் அந்தப் பகுதியே தகராறுக்குள்ளாகும். அப்படித் தொடர்ந்த கூட்டத்தின் முடிவுகளைச் சங்கப் பதிவிலாகா எப்படிப் பார்க்கும் என்பது அந்தந்தச் சங்கத்தின் விதிகளையும் சான்றுகளையும் பொறுத்தது. பொதுவாக ஒரு விடை தர நான் தயாராக இல்லை.

செயலாளரின் முதல் கேள்விக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தேர்தலுக்குப் பிறகு யார் கூட்டத் தலைவர்? புதிய தலைவரின் பதவிக்காலம் முடிவு அறிவிக்கப்பட்ட கணத்தில் தொடங்குகிறதா, கூட்டம் முடிந்ததும் தொடங்குகிறதா என்று உங்கள் விதிகள் கூறுகின்றனவா என்று பாருங்கள். விதிகள் தலைவரே பொதுக்கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவார் என்று மட்டும் கூறினால், வென்றவர் அக்கணமே நாற்காலிக்கு உரியவர் என்பது என் கருத்து.

பிரிக்ஃபீல்ட்ஸ் மூத்தவர்

இதில் நான் உடன்படவில்லை. கூட்டத்தைக் கூட்டியது பழைய செயலவை. அறிவிப்பில் கையெழுத்திட்டதும் அதுவே. தொடங்கியவர் முடித்து வைப்பதே நான் கண்ட பெரும்பான்மை வழக்கம். ஆனால் விதி தெளிவாக இல்லாதபோது இருவர் கருத்துக்கும் இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். செயலாளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தேர்தல் அங்கம் தொடங்கும் முன்பே, முடிவு எதுவானாலும் எஞ்சிய அங்கங்களுக்கு இன்னார் தலைமை தாங்குவார் என்று அவையிடம் ஒப்புதல் பெற்றுவிடுங்கள். யார் வெல்வார் என்று தெரியாதபோது எடுக்கும் அந்த முடிவில் யாரும் உள்நோக்கம் கற்பிக்க முடியாது. முடிவு தெரிந்த பிறகு அதே கேள்வியைக் கேட்டால் அது இன்னொரு தேர்தலாகிவிடும்.

ஜெலுத்தோங் செயலாளர்

இருவருக்கும் நன்றி. எங்கள் விதிகளைப் பார்த்தேன். பதவிக்காலம் எப்போது தொடங்கும் என்று அதில் இல்லை. தலைவர் பொதுக்கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவார் என்று மட்டும் உள்ளது. எனவே முன்கூட்டியே அவையின் ஒப்புதலைப் பெறும் யோசனையைச் செயலவையில் வைக்கிறேன்.

நன்றியுரையில் எதைச் சொல்வது என்பதுதான் இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. நான் எழுதி வைத்திருந்த வரைவில் நடப்புத் தலைவரின் சேவை முழுவதும் இருக்கிறது: கட்டடம் வாங்கியது, கல்வி நிதி தொடங்கியது, வெள்ள நேரத்தில் உதவியது. அவர் தோற்றால் இதைச் சொல்வது அவர் காயத்தைக் கிளறுமா? வென்றால் தோற்றவரின் ஆதரவாளர்களுக்குப் பிரச்சாரமாகத் தெரியுமா?

ஆயர் ஈத்தாம் ஆசிரியை

உங்கள் தயக்கம் நியாயமானது. எங்கள் மகளிர் சங்கத்தில் இதே நிலை வந்தபோது நாங்கள் எடுத்த முடிவைச் சொல்கிறேன். பல ஆண்டுச் சேவைக்கான பாராட்டையும் அன்றைய கூட்டத்தை நடத்தியதற்கான நன்றியையும் பிரித்துவிட்டோம். சேவைப் பாராட்டு, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் பிறகு ஒரு தனி மாலை நிகழ்ச்சியில் நடந்தன. பொதுக்கூட்ட மேடையில் நன்றி, அந்தக் காலை அந்த நாற்காலியில் அமர்ந்து அவர் என்ன செய்தார் என்பதற்கு மட்டும். வென்றாலும் தோற்றாலும் அது மாறாது. ஏனெனில் அது அவருக்குக் கிடைத்த வாக்குகளைப் பற்றியதன்று.

இதற்கு ஒரு விளைவு உண்டு. உரையை முன்கூட்டியே முழுமையாக எழுத முடியாது. தொடக்கமும் முடிவும் எழுதி, நடுவில் மூன்று வரிகளை வெற்றாக விட்டுவிட வேண்டும். கூட்டம் நடக்கும்போதே கவனித்து அவற்றை நிரப்ப வேண்டும். கணக்கறிக்கையில் யாராவது கடுமையான கேள்வி கேட்டபோது தலைவர் அவரை முழுமையாகப் பேச விட்டாரா? நிரலில் இல்லாத ஒன்றை யாராவது கொண்டுவந்தபோது, அதை ஏன் இப்போது எடுக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினாரா? பின்வரிசையில் கையுயர்த்திய மூதாட்டியைக் கவனித்து அழைத்தாரா? இப்படி இரண்டு நிகழ்வுகள் போதும். உறுப்பினர்கள் தாங்களே கண்டது என்பதால் தலையாட்டுவார்கள். சிறந்த தலைவர், ஒப்பற்ற தொண்டர் என்ற சொற்களை நம் அவைகள் மிகுதியாகக் கேட்டுப் பழகிவிட்டன. யார் காதிலும் அவை விழுவதில்லை.

கெப்போங் மேடைப் பேச்சாளர்

அம்மா சொல்வது நன்றாக இருக்கிறது. ஆனால் கவனித்துப் பாராட்டும்படி தலைவர் எதுவும் செய்யாவிட்டால்? கூட்டத்தை மோசமாக நடத்தியிருந்தால்?

ஆயர் ஈத்தாம் ஆசிரியை

அப்போது உரை இன்னும் சுருங்கும். நிரலில் உள்ள எல்லா அங்கங்களும் முடிந்தன என்பதற்கும், தம் நேரத்தைத் தந்ததற்கும் நன்றி என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். இல்லாததைப் புகழக்கூடாது, குறையையும் அங்கே கூறக்கூடாது. குறையைக் கூறும் இடம் இதர விவகாரங்கள், அது கடந்துவிட்டது. நன்றித் தீர்மானத்தைப் பதில் கூற முடியாத நிலையில் ஒருவர் அமர்ந்து கேட்கிறார் என்பதை மறக்கக்கூடாது.

செயலாளருக்கு உதவும் என்று ஒரு மாதிரி எழுதியிருக்கிறேன். நடுவில் வரும் நிகழ்வுகள் கற்பனை. அன்றைய உண்மையை அங்கே இடுங்கள்.

"கூட்டத் தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம். இன்று காலை நம் முன் வைக்கப்பட்ட அங்கங்கள் அனைத்தும் நிறைவேறிவிட்டன. மண்டப வைப்புத்தொகை பற்றி நம் உறுப்பினர் ஒருவர் இரண்டு முறை கேள்வி எழுப்பினார். தலைவர் அவரை அமரச் சொல்லவில்லை. பொருளாளரிடம் ரசீதுக் கோப்பை வரவழைத்து, கேட்டவர் கையிலேயே கொடுத்தார். பிறகு தாமும் ஒரு வேட்பாளர் என்பதால், தேர்தல் அங்கம் தொடங்கியதும் மேடையை விட்டிறங்கி நம்மோடு வந்து அமர்ந்தார். இந்த இரண்டையும் நாம் எல்லாரும் பார்த்தோம். தேர்தல் பகுதியை நடத்திக் கொடுத்த தேர்தல் அதிகாரிக்கும், இன்றைய கூட்டத்தை நெறிப்படுத்திய தலைவருக்கும் இந்த அவை தன் நன்றியைத் தெரிவிக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்."

நிதானமாக வாசித்தாலும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. வெற்றி தோல்வி இதில் இல்லை. தேர்தல் அதிகாரியின் பெயர் தலைவருக்கு முன்பு வருகிறது. ஏனெனில் அவர் நடத்தியது ஒரு பகுதி, தலைவர் நடத்தியது முழுமை. இறுதியில் ஒலிக்கும் பெயர் தலைவருடையதாக இருக்க வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மூத்தவர்

மிக நன்று. இரண்டு திருத்தங்களை மட்டும் கூறுகிறேன். முதலாவது, இதைச் செயலாளர் முன்மொழிய வேண்டாம். செயலாளர் செயலவையின் அங்கத்தினர். தலைவரோடு சேர்ந்து பணியாற்றியவர். அவையின் நன்றி அவையிலிருந்து வரட்டும். எந்த அணியையும் சாராத ஒரு மூத்த உறுப்பினரிடம் ஒரு வாரத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வழிமொழிபவரையும் அப்போதே முடிவு செய்யுங்கள். முடிந்தால் வழிமொழிபவர் எதிர்த்துப் போட்டியிட்டவரின் பக்கத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும். கட்டாயப்படுத்த வேண்டாம், கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, எழுதி வைத்த பாராட்டு முழுவதையும் கூட்டக் குறிப்பில் ஏற்றாதீர்கள். குறிப்புக்கு இவ்வளவு போதும்:

"பேசுவதற்கு வேறு விவகாரம் இல்லாததால், கூட்டத் தலைவருக்கும் தேர்தல் அதிகாரிக்கும் நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தை உறுப்பினர் ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய, அவை கரவொலியுடன் ஏற்றது. தலைவர் ஏற்புரை வழங்கி, பிற்பகல் 12.40 மணிக்குக் கூட்டம் நிறைவுற்றதாக அறிவித்தார்."

பெயர்களை உரிய இடத்தில் இடுங்கள். தேர்தல் அதிகாரி எத்தனை மணிக்குத் தலைமையை ஏற்றார், எத்தனை மணிக்குத் திருப்பி ஒப்படைத்தார் என்பதைத் தேர்தல் அங்கத்திலேயே எழுதிவிடுங்கள். யார் எந்தப் பகுதியை நடத்தினார் என்ற ஐயம் பிறகு எழாது.

கம்பெனி செயலக ஊழியர்

ஐயா, தோற்ற தலைவர் நிறைவுரையில் என்ன பேசலாம் என்பதை இன்னும் யாரும் கூறவில்லையே. அவர் மனக்கசப்பில் ஏதாவது கூறிவிட்டால் அதுவும் குறிப்பில் வர வேண்டுமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் மூத்தவர்

நல்ல கேள்வி. அவர் பேச வேண்டியது மூன்றே செய்திகள்: அவையின் நன்றியை ஏற்பது, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு வாழ்த்து, ஆவணங்கள் எப்போது ஒப்படைக்கப்படும் என்பது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வங்கிக் கையெழுத்து, அலுவலகச் சாவி, பதிவேடுகள் ஆகியவை ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் கைமாறும் என்று தோற்றவர் வாயாலேயே அவையில் அறிவித்தால், பின்னால் வரும் பாதி வழக்குகள் வராது. புதிய தீர்மானம், நன்கொடை அறிவிப்பு, தேர்தலைப் பற்றிய விமர்சனம் எதற்கும் அங்கே இடமில்லை. அப்படியும் அவர் விமர்சித்துவிட்டால், தலைவர் நிறைவுரை ஆற்றினார் என்று மட்டும் எழுதலாம் என்பது என் கருத்து. ஆனால் முடிவை ஏற்கவில்லை என்று அவர் வெளிப்படையாக அறிவித்தால் அதை மறைக்கக்கூடாது, எழுத வேண்டும்.

பாயான் லெப்பாஸ் வழக்கறிஞர்

கடைசியாகக் கூறியதை வலியுறுத்துகிறேன். அது ஆட்சேபம், பதிவு செய்யப்பட வேண்டும். மேலும் செயலாளர் கவனத்துக்கு: பொதுக்கூட்டம் நடந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கைப் படிவத்தைச் சங்கப் பதிவிலாகாவிடம் சமர்ப்பிக்க வேண்டும். புதிய பொறுப்பாளர் பட்டியலும் அதில் செல்லும். ஒப்படைப்பு நாளை அதற்கு நன்றாக முன்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். 60-ஆம் நாள் நெருங்கும்போது பழையவர் கையில் கோப்புகளும் புதியவர் கையில் பொறுப்பும் இருந்தால் அவதி உங்களுக்குத்தான்.

ஜெலுத்தோங் செயலாளர்

நேற்றிரவு செயலவை கூடியது. நன்றித் தீர்மானத்தை முன்மொழிய, எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒப்புக்கொண்டார். ஆசிரியை அம்மாவின் மாதிரியை அவரிடம் கொடுத்தேன்; நடுப்பகுதியைத் தாமே கவனித்து எழுதிக்கொள்வதாகக் கூறினார். வழிமொழிபவர் பற்றி எதிரணியிடம் பேசியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மண்டபத்துக்கும் உணவுக்குமான நன்றியைத் தேநீர் இடைவேளைக்கு முன் நானே கூறுவேன். நடப்புத் தலைவரும் ஒப்படைப்பு நாளைத் தம் நிறைவுரையில் அறிவிக்க ஒப்புக்கொண்டார். வென்றாலும் பழைய பொருளாளர் விலகுவதால் அது தேவைதான் என்றார்.

எஞ்சிய அங்கங்களுக்கு யார் தலைமை என்பதில் மட்டும் செயலவை இரண்டாகப் பிரிந்தது. ஐந்து பேர் மூத்தவர் ஐயாவின் பக்கம், நான்கு பேர் வழக்கறிஞர் பக்கம். தேர்தல் அங்கத்துக்கு முன் இரண்டு யோசனைகளையும் அவையிடமே வைக்கப் போகிறோம்.

பட்டர்வொர்த் உறுப்பினர்

அவையிடம் வைக்கும்போது மூன்றாவது யோசனை ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். கணக்காய்வாளர் நியமனத்தையும் இதர விவகாரங்களையும் தேர்தலுக்கு முன்னால் மாற்றிவிட்டால், தேர்தலுக்குப் பின் எஞ்சுவது நன்றித் தீர்மானமும் நிறைவுரையும் மட்டும்தான். அறிவிப்பு இன்னும் அனுப்பப்படவில்லை என்றால் நிரலையே திருத்திவிடலாமே.

ஜெலுத்தோங் செயலாளர்

அறிவிப்பு வெள்ளிக்கிழமைதான் அச்சுக்குப் போகிறது. நாளைக் காலை தலைவரிடம் இதைக் காட்டுகிறேன்.